சம்பளத் தேதிக்கும் தவணைத் தேதிக்கும் நடுவே

வீட்டுக் கடனில் வீடு வாங்கிய மாதச் சம்பளக்காரர் பலருக்கு வேலையை விடுவதென்பது வீட்டை விடுவதாகவே தோன்றுகிறது. மேலாளரோடு ஒத்துப்போகவில்லை, வேலையில் விருப்பம் போய்விட்டது, உடம்பும் கெடுகிறது. ஆனால் 5ஆம் தேதி தவணை எடுக்க வங்கி வரும். சம்பளம் 1ஆம் தேதி வந்தால்தான் அந்தத் தவணை போகும். இந்த நான்கு நாள் இடைவெளியே அவர்களை அதே நாற்காலியில் ஆண்டுக்கணக்கில் உட்கார வைக்கிறது.

இதை வெறும் கோழைத்தனம் என்று ஒதுக்க முடியாது. அச்சத்தில் ஒரு பகுதிக்குக் கணக்கு ஆதாரம் இருக்கிறது, இன்னொரு பகுதிக்கு இல்லை. இரண்டையும் பிரித்துப் பார்க்காதவரை, விடலாமா கூடாதா என்ற கேள்விக்கு விடை கிடைப்பதில்லை.

வங்கி எதைப் பார்க்கிறது?

கடன் கொடுக்கும் முன் வங்கி சம்பளச் சீட்டு, படிவம் 16, வங்கிக் கணக்கு அறிக்கை என எல்லாவற்றையும் கேட்கிறது. கையில் வரும் சம்பளத்தில் ஏறக்குறைய பாதிக்குள் எல்லாத் தவணைகளும் அடங்குகின்றனவா என்று கணக்குப் போடுகிறது. எந்த நிறுவனம், எத்தனை ஆண்டுப் பணி என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. அந்த ஒரு முறை நடந்த விசாரணை கடன்காரர் மனதில் ஆழமாகப் பதிந்துவிடுகிறது. இந்த வேலைக்காகத்தான் கடன் கிடைத்தது, வேலை போனால் கடனும் திரும்பக் கேட்கப்படும் என்று அவர் நினைத்துக்கொள்கிறார்.

பணம் முழுவதும் கொடுத்து முடித்த சாதாரண வீட்டுக் கடனில் அப்படி நடப்பதில்லை. தவணை நாளன்று கணக்கில் பணம் இருக்கிறதா என்பதுதான் அதன் பிறகு வங்கிக்கு முக்கியம். அந்தப் பணத்தை எந்த நிறுவனம் கொடுத்தது என்பதை மாதாமாதம் யாரும் சரிபார்ப்பதில்லை. வேலை மாறினால் தகவல் சொல்ல வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கலாம். சொல்லிவிட்டால் போதும். பழைய சம்பளக் கணக்கிலிருந்து தவணை எடுக்கப்படுகிறது என்றால், அந்தக் கணக்கில் பணம் போட்டு வைக்க வேண்டும், அல்லது புதிய கணக்குக்குத் தவணை உத்தரவை மாற்ற வேண்டும். வேலை மாறியவர்களுக்கு முதல் தவணை தவறுவது பெரும்பாலும் இந்த மறதியால்தான்.

விதிவிலக்குகள் மூன்று. வங்கி ஊழியர்கள், சில பொதுத்துறை, அரசு ஊழியர்கள் தங்கள் நிறுவனத்திடமே சலுகை வட்டியில் வாங்கிய கடன் முதலாவது. வேலையை விட்டால் அந்தக் கடன் பொது வட்டிக்கு மாறும், அல்லது மிச்சத்தை அடைக்கச் சொல்வார்கள். இரண்டாவது, இன்னும் கட்டி முடியாத அடுக்குமாடி வீடு. அடுத்த தவணைப் பணத்தைக் கட்டுநருக்குக் கொடுக்கும் முன் வங்கி வருமானத்தை மறுபடி பார்க்க இடமுண்டு. மூன்றாவது, வேலையை விட்ட பிறகு கேட்கும் எந்தப் புதிய உதவியும். கூடுதல் கடன், வேறு வங்கிக்குக் கடனை மாற்றுவது, தவணைக் காலத்தை நீட்டுவது போன்றவற்றுக்குப் புதிதாக வருமானச் சான்று கேட்பார்கள். தேவைப்படும் என்று தோன்றினால், இவற்றைப் பழைய சம்பளச் சீட்டு கையில் இருக்கும்போதே முடித்துக்கொள்வது நல்லது.

ஒரு தவணை தவறினால் என்ன ஆகும்?

தமிழ்நாட்டுக் குடும்பங்களில் கடன் என்ற சொல்லுக்குள் கந்துவட்டியின் நினைவும் இருக்கிறது. வட்டி தவறினால் வாசலில் ஆள் வந்து நிற்பதும், தெரு பார்க்க அவமானப்படுவதும் ஒரு தலைமுறை கண்ட காட்சிகள். கந்துவட்டியைத் தடுக்க மாநில அரசு 2003இல் தனிச் சட்டமே கொண்டுவந்தது. அந்தக் கடனையும் வீட்டுக் கடனையும் ஒரே சொல்லால் சொல்வதால் அச்சமும் ஒன்றாகவே இருக்கிறது. போதாததற்கு வீட்டின் மூலப் பத்திரம் வங்கியில் இருக்கிறது, அதை ஒப்படைத்த ஆவணம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகி வில்லங்கச் சான்றிலும் தெரிகிறது. ஒரு மாதம் தவறினாலே வீடு ஜப்தி என்ற முடிவுக்கு மனம் போய்விடுகிறது.

சட்டம் காட்டும் வழி இதைவிட நீளமானது. தவணை தவறியதும் பணம் எடுக்க முடியாமல் திரும்பியதற்கான கட்டணமும், தாமதத்துக்கான அபராதக் கட்டணமும் விழும். ரிசர்வ் வங்கி 2023இல் வெளியிட்டு அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்த விதிப்படி, அந்த அபராதத்தை வட்டியோடு சேர்த்து வட்டிக்கு வட்டியாக வளர்க்கக் கூடாது. முதல் 30 நாள், அடுத்த 30 நாள், அதற்கடுத்த 30 நாள் என்று மூன்று எச்சரிக்கைக் கட்டங்கள் உண்டு. நிலுவை 90 நாளைத் தாண்டிய பிறகுதான் அது வாராக்கடன். அதன் பின்பே 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி வங்கி 60 நாள் அவகாசம் தந்து அறிவிப்பு அனுப்பலாம். ஆட்சேபம் எழுதிக் கொடுத்தால் வங்கி 15 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். 60 நாளும் கடந்த பிறகுதான் வீட்டைக் கையகப்படுத்தும் நடவடிக்கை. அதை எதிர்த்துக் கடன் வசூல் தீர்ப்பாயத்தில் முறையிட 45 நாள் உண்டு. ஏலத்துக்கு முன்பும் தனியாக அறிவிப்பு தர வேண்டும். ஏலத்தில் கடனுக்கு மேல் கிடைக்கும் தொகை வீட்டுக்காரருக்குச் சேரும். குறைந்தால், மீதியை அவரிடமே கேட்கவும் வங்கிக்கு உரிமை உண்டு.

ஆக, முதல் தவணை தவறிய நாளிலிருந்து வீட்டைக் கையகப்படுத்தும் கட்டம் வரச் சட்டப்படியே குறைந்தது ஐந்து மாதம் ஆகும். இதைத் தவணை தவறவிடலாம் என்பதற்கான அனுமதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சில நாள் தாமதம்கூடச் சிபில் போன்ற நிறுவனங்களின் பதிவில் ஏறும். பிறகு குறைந்த வட்டிக்குக் கடனை மாற்ற முயலும்போது அது குறுக்கே நிற்கும். வங்கித் துறையில் வேலை தேடினால் அங்கும் கேட்பார்கள். ஆனால் வேலையை விட்ட மறுமாதமே தெருவில் நிற்போம் என்ற படம் உண்மையில்லை. உண்மையான கேள்வி, கையில் எத்தனை மாதத் தவணைக்குப் பணம் இருக்கிறது என்பதே.

ஐந்து ஆண்டு கட்டியும் குறையாத அசல்

அச்சத்தை வளர்க்கும் இன்னொன்று கடன் கணக்கு அறிக்கை. 40 லட்சம் ரூபாய் கடன், 8.5 சதவீத வட்டி, 20 ஆண்டு என்றால் மாதத் தவணை 34,713 ரூபாய். முதல் மாதத்தில் இதில் 28,333 ரூபாய் வட்டிக்கே போகிறது. அசலில் குறைவது 6,380 ரூபாய்தான். வட்டி மாறாமல் இருந்தால், ஐந்து ஆண்டுகளில் 20 லட்சத்து 82 ஆயிரம் ரூபாய் கட்டிய பிறகும் மிச்சக் கடன் ஏறக்குறைய 35 லட்சத்து 25 ஆயிரம். இவ்வளவு கட்டி ஐந்து லட்சம்கூடக் குறையவில்லையே என்று பார்க்கிறவருக்கு, ஏமாற்றப்பட்டதுபோலவும் இனி எப்போதும் தப்ப முடியாது என்பதுபோலவும் தோன்றும். ஏமாற்று எதுவும் இல்லை. குறையும் மிச்சத்துக்கு மட்டும் வட்டி போடும் எந்த நீண்ட காலக் கடனிலும் முன் ஆண்டுகளில் வட்டி மிகுந்தும் பின் ஆண்டுகளில் அசல் மிகுந்தும் இருக்கும்.

வட்டி மாறும்போது இந்த உணர்வு இன்னும் மோசமாகிறது. ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதம் 2022 மே மாதத் தொடக்கத்தில் 4 சதவீதமாக இருந்து, 2023 பிப்ரவரியில் 6.5 சதவீதமானது. ரெப்போவோடு இணைந்த கடன்களில் வட்டியும் அதே அளவு ஏறியது. 2022 தொடக்கத்தில் 6.75 சதவீதத்துக்கு 40 லட்சம் வாங்கியவரின் தவணை 30,415 ரூபாய். ஓராண்டில் மிச்சம் 39 லட்சம் இருக்க, வட்டி 9.25 சதவீதமானால் ஒரு மாத வட்டி மட்டும் 30,062 ரூபாய். பல வங்கிகள் தவணையை ஏற்றாமல் காலத்தை நீட்டின. அதே தவணையைக் கட்டினாலும் அசலில் மாதம் 350 ரூபாய்தான் கழிந்தது. 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி இதற்கு ஒரு விதி கொண்டுவந்தது. வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டும் கொஞ்சமா என்று கடன்காரருக்குத் தேர்வு தர வேண்டும். தவணை வட்டிக்கே போதாமல் கடன் வளரும் நிலைக்குக் காலத்தை நீட்டக் கூடாது. கடன்காரர் செய்ய வேண்டியது, வட்டி மாறியதும் வந்த கடிதத்தைப் படித்து, தன் கணக்கில் என்ன மாறியது என்று பார்ப்பது.

இறுகக் கட்டுவது எந்தக் கடன்?

கணக்கை ஒரு குடும்பத்தின் மீது வைத்துப் பார்க்கலாம். இது விளக்கத்துக்காக அமைத்த குடும்பம். சென்னை பெரும்பாக்கத்தில் அடுக்குமாடி வீடு. கணவருக்கு வயது 38, தனியார் நிறுவனத்தில் எட்டு ஆண்டுப் பணி, கையில் வரும் சம்பளம் 90,000. மனைவி தனியார் பள்ளி ஆசிரியை, சம்பளம் 18,000. மேலே சொன்ன 40 லட்சக் கடனில் ஐந்து ஆண்டு முடிந்திருக்கிறது. குடிவந்த பிறகு மாடுலர் கிச்சன், அலமாரி, ஃபால்ஸ் சீலிங் என்று இன்டீரியர் வேலைக்கு 13 சதவீத வட்டியில் 6 லட்சம் தனிநபர் கடன் எடுத்தார்கள். ஐந்தாண்டுக் கடனில் மூன்று ஆண்டு போயிற்று. அதன் தவணை 13,652. பள்ளிக் கட்டணம், மளிகை, பெட்ரோல், பராமரிப்புத் தொகை, பெற்றோர் மருந்து எல்லாம் சேர்த்து மாதச் செலவு 46,000. சேமிப்பு 6 லட்சம்.

மாத வரவு 1,08,000. இரண்டு தவணையும் செலவும் போக மிச்சம் 13,635. இப்போது கணவருக்கு மனதுக்குப் பிடித்த வேலை ஒன்று கிடைக்கிறது, சம்பளம் 68,000தான். வரவு 86,000 ஆகக் குறையும். தவணைகளும் செலவும் சேர்ந்து 94,365. மாதம் 8,365 ரூபாய் துண்டு விழும். வீட்டுக் கடன் இருக்கும்வரை இந்த வேலையை விட முடியாது என்று குடும்பம் முடிவு செய்கிறது.

இந்த முடிவுக்கு வருபவர்கள் வழக்கமாக அடுத்துச் செய்வது, சேமிப்பை எடுத்து வீட்டுக் கடனில் கட்டுவது. தனிநபர்களின் மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் இல்லை என்பதால் அது எளிதும்கூட. 5 லட்சம் கட்டி, காலத்தைக் குறைக்காமல் தவணையைக் குறைக்கச் சொன்னால், தவணை 34,713இலிருந்து 29,788 ஆகும். மாதம் விடுபடுவது 4,925 ரூபாய். துண்டு இன்னும் 3,440 நிற்கும். சேமிப்பில் ஒரு லட்சம்தான் மிச்சம். வட்டிக் கணக்கில் அவர்கள் செய்தது சரி. வேலையை விடும் கணக்கில், பணத்தையும் கொடுத்துவிட்டுக் கட்டையும் அவிழ்க்கவில்லை. வீட்டுக் கடனில் போட்ட பணத்தை அவசரத்துக்குத் திரும்ப எடுக்கவும் முடியாது. சில வங்கிகள் தரும் ஓவர்டிராஃப்ட் வகை வீட்டுக் கடனில் மட்டும் அந்த வசதி உண்டு.

தனிநபர் கடனின் பக்கம் திரும்பினால் கணக்கு வேறாகிறது. 24 தவணை மீதமுள்ள அந்தக் கடனின் மிச்சம் ஏறக்குறைய 2 லட்சத்து 87 ஆயிரம். அதை ஒரே தடவையில் அடைத்தால் மாதம் 13,652 முழுதாக விடுபடும். முன்கூட்டி முடிப்பதற்குச் சில ஆயிரம் கட்டணம் கேட்கலாம். புதிய வேலையின் 86,000 வரவில் வீட்டுத் தவணையும் செலவும் போக மாதம் 5,287 மிஞ்சும். சேமிப்பிலும் 3 லட்சம் நிற்கும். அந்த 5 லட்சத்தில் பாதிக்குச் சற்று அதிகமான பணத்தில், முன்னதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு மாதச் சுமை இறங்கியிருக்கிறது.

காரணம் எளிது. நீண்ட காலக் கடனில் ஒரு லட்சம் அடைத்தால் அது 15 ஆண்டுக்குப் பரவுவதால் மாதத்தில் ஆயிரம் ரூபாய்கூடக் குறையாது. முடியப்போகும் குறுகிய காலக் கடனில் ஒரு லட்சம் அடைத்தால் நாலாயிரத்து எழுநூறு குறையும். மிகப் பெரிய கடன் என்பதால் வீட்டுக் கடன் மீது எல்லாப் பழியும் விழுகிறது. வேலையோடு இறுகக் கட்டுவது பெரும்பாலும் அதன்மேல் ஏறி உட்கார்ந்த இன்டீரியர் கடன், கார் கடன், கிரெடிட் கார்டுத் தவணை ஆகியவையே. இவற்றின் மிச்சத்தையும் மீதமுள்ள மாதங்களையும் ஒரு தாளில் எழுதினால், எதை அடைத்தால் எவ்வளவு விடுபடும் என்பது தெரிந்துவிடும்.

அடைக்கப் பணமே இல்லாதவர்களுக்கு இருக்கும் இன்னொரு வழி காலத்தை நீட்டுவது. அதே குடும்பம் மிச்சமுள்ள 35 லட்சத்து 25 ஆயிரத்தை 15 ஆண்டுக்குப் பதிலாக 20 ஆண்டில் கட்டுவதாக மாற்றினால் தவணை 30,591 ஆகும். மாதம் நாலாயிரத்துச் சொச்சம் இறங்கும். அதற்கு விலையாகக் கடைசிவரை ஏறக்குறைய 11 லட்சம் ரூபாய் கூடுதலாகக் கட்ட நேரும். ஓய்வு வயதைத் தாண்டி நீட்ட வங்கிகள் தயங்கும் என்பதால், 50 வயதை நெருங்கியவர்களுக்கு இந்த வழியும் குறுகிவிடும்.

மறந்துபோகும் இரண்டு தொகைகள்

வேலையை விடும்போது வரும் தொகையில் பணிக்கொடையைப் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை. நிரந்தரப் பணியாளர் ஐந்து ஆண்டு தொடர்ந்து வேலை பார்த்திருந்தால், தானாக விலகினாலும் அது உண்டு. கடைசி அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, அதைப் பணி செய்த ஆண்டுகளால் பெருக்க வேண்டும். மேற்சொன்ன கணவரின் அடிப்படைச் சம்பளம் 45,000 என்றால் எட்டு ஆண்டுக்கு 2 லட்சத்து 7 ஆயிரம் ரூபாய் வரும். நாலரை ஆண்டில் ஆத்திரத்தில் எழுதிக் கொடுப்பவர் விட்டுச்செல்லும் தொகை இது.

எதிர்ப்பக்கத்தில் மறந்துபோவது மருத்துவக் காப்பீடு. நிறுவனத்தின் குழுக் காப்பீடு, அதில் சேர்த்த பெற்றோருக்கும் சேர்த்து, வேலையோடு முடிந்துவிடும். அமெரிக்காவில் பொருளாதார அறிஞர் பிரிஜிட் மேட்ரியன் 1994இல் வெளியிட்ட ஆய்வு, நிறுவனக் காப்பீடு போய்விடும் என்பதாலேயே மக்கள் வேலை மாறத் தயங்குவதைக் காட்டியது. கடனைப் போலவே காப்பீடும் வேலைப் பூட்டு. தனியாக எடுக்கும் பாலிசியில் ஏற்கனவே உள்ள நோய்களுக்கு மூன்று ஆண்டு வரை காத்திருக்க நேரலாம். ஆகவே விலகும் எண்ணம் வந்தவுடனேயே அதை எடுக்க வேண்டும். இக்குடும்பத்துக்கு அதன் பிரீமியம் மாதம் 3,000 ஆகும் என்று வைத்தால், மிச்சம் 5,287இலிருந்து 2,287 ஆகிறது. விடலாம், ஆனால் பிடி தளர்த்தாமல்தான் விட வேண்டும் என்று கணக்கு சொல்கிறது.

கணக்கைச் சோதிப்பது

தாளில் சரியான கணக்கு வீட்டில் தவறலாம். செலவு 46,000 என்று நினைத்தது உண்மையில் 55,000 ஆக இருக்கலாம். இதைக் கண்டுபிடிக்க, வேலையை விடும் முன்பே மூன்று மாதம் புதிய சம்பளத்தில் வாழ்ந்து பார்க்க வேண்டும். 90,000 வந்ததும் 22,000 ரூபாயை வேறு கணக்குக்கு மாற்றிவிட்டு, மீதத்தில் குடும்பம் நடத்த வேண்டும். மூன்று மாத முடிவில் அந்தக் கணக்கில் 66,000 தொடாமல் இருந்தால் கணக்கு சரி. இடையில் எடுக்க நேர்ந்தால், எவ்வளவு எடுத்தோமோ அதுதான் உண்மையான துண்டு. நோட்டீஸ் காலம் 90 நாள் உள்ள நிறுவனங்களில் ராஜினாமா கொடுத்த பிறகு இதைத் தொடங்குகிறார்கள். கொடுப்பதற்கு முன் செய்தால்தான் பின்வாங்க இடம் இருக்கும்.

அடுத்த வேலை கையில் இல்லாமல் விடுபவருக்குக் கணக்கு இன்னும் கடுமை. இக்குடும்பத்தில் கணவரின் வருமானம் முழுதாக நின்றால், தனிநபர் கடனை அடைத்த பிறகும், மனைவியின் சம்பளம் போக மாதம் 62,713 தேவை. 3 லட்சம் சேமிப்பு ஐந்து மாதத்துக்குச் சற்றுக் குறைவாகத்தான் வரும். பணிக்கொடை வந்தால் இன்னும் மூன்று மாதம். அந்தத் துறையில் வேலை கிடைக்க வழக்கமாக ஆகும் காலம் இதற்குள் அடங்குமா என்பதே முடிவைத் தீர்மானிக்கும்.

கணக்கு முடியாது என்று சொல்லும் இடங்களும் உண்டு. ஒரே வருமானம், கைச்சேமிப்பு இல்லை, புதிய சம்பளத்தில் பாதிக்கு மேல் வீட்டுத் தவணை மட்டுமே என்றால் அச்சம் சரியானதுதான். அப்போது வீட்டை வாடகைக்கு விட்டுக் குறைந்த வாடகையில் குடிபோவது, அல்லது கடன் இருக்கும்போதே விற்பது என்ற பேச்சு வரும். கடனுள்ள வீட்டையும் விற்கலாம். வங்கி மிச்சத் தொகையை எழுதித் தரும், வாங்குபவர் அல்லது அவருடைய வங்கி அதை நேரே அடைக்கும், பத்திரம் விடுபட்டதும் கிரயம் முடியும். ஊரார் என்ன நினைப்பார்கள் என்பதாலேயே பெரும்பாலோர் இதுவரை போவதில்லை.

அதுவரை போகாதவர்களுக்கும் கணக்குப் போட்டதில் ஒரு பயன் உண்டு. 20 ஆண்டுக் கடன் முடியும்வரை இந்த வேலையில்தான் என்று நினைத்திருந்த குடும்பம், தனிநபர் கடனை அடைக்கச் சேமிப்பு இல்லாவிட்டால்கூட அது தானாக முடிய 24 மாதம்தான் என்று தெரிந்துகொள்கிறது. அந்த 25ஆவது மாதத்திலிருந்து 13,652 ரூபாய் விடுபடும். பிடிக்காத வேலையில் அதுவரை இருந்தாக வேண்டும் என்றாலும், எத்தனை மாதம் என்பது இப்போது கையில் இருக்கிறது.